சுண்டுவிரலைக் கேட்டு கீபோர்டு வாங்குங்கள்!

கொல்லிமலை செம்மேட்டில் என் சித்தப்பா மகள் ஒரு சின்ன டி.டி.பி. கடை வைத்திருக்கிறாள். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. பட்டா மாறுதல் மனு, மகளிர் குழுத் தீர்மானம், பள்ளிக்கூட வினாத்தாள், கல்யாணப் பத்திரிகை என்று ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது தமிழில் தட்டிக்கொண்டிருப்பாள்.

போன ஆடியில் போன் செய்தாள். "அண்ணே, ராத்திரி சோத்துப் பானையைத் தூக்க முடியலை. வலது கை சுண்டுவிரல் விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது. நல்ல கீபோர்டு வாங்கினா சரியாயிடும்னு சொல்றாங்க. எதை வாங்கட்டும்?"

நான் பதில் சொல்வதற்குள் அவளே ஒன்றை வாங்கிவிட்டாள். அடிவாரத்துக் கடையில் "நாள் முழுக்க டைப் பண்றவங்க இதைத்தான் வாங்குறாங்க" என்று கொடுத்திருக்கிறார்கள். கலர் கலராக விளக்கு எரியும் மெக்கானிக்கல் கீபோர்டு. அழுத்தினால் 'டக் டக்' என்று சத்தம். ஒரு வாரத்தில் வலி குறையவில்லை, கூடியது.

அவள் வாங்கியது மட்டமான பொருள் அல்ல. அவள் விரலுக்குப் பொருந்தாத பொருள். இந்த வாரம் அந்தக் கதைதான். நீங்களோ உங்கள் வீட்டில் யாரோ தினமும் நான்கைந்து மணி நேரம் தட்டுகிறவர் என்றால், கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

முதலில் எழுத்து எங்கே இருக்கிறது?

கீபோர்டு என்றதும் எல்லோரும் பிராண்டு, விலை, விளக்கு என்று ஆரம்பிப்பார்கள். நான் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, "எந்த முறையில் தட்டுகிறாய்?" என்பதுதான்.

தமிழில் மூன்று வழிகள் பரவலாக இருக்கின்றன. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் 'யளனக' என்று ஆரம்பித்துப் பழகியவர்களுக்குத் தட்டச்சு முறை. ஆங்கில எழுத்தை வைத்து அம்மாவை `ammaa` என்று தட்டுகிறவர்களுக்கு ஒலிபெயர்ப்பு முறை. மூன்றாவது, 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய தமிழ் 99. என் தங்கை தட்டுவது தமிழ் 99.

நீண்ட நேரம் தட்டுகிறவர்களுக்கு அதில் லாபம் உண்டு. 'பஞ்சாயத்து' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அவளுடைய மனுக்களில் தினமும் வரும் சொல். ஒலிபெயர்ப்பில் `panjaayaththu` என்று தட்டினால் 13 அழுத்தம். மென்பொருளுக்கு மென்பொருள் இது கொஞ்சம் மாறும். தமிழ் 99-ல் ப, ஞ, ச, ஆ, ய, த, த, உ என்று எட்டே அழுத்தம். ஞ-வுக்குப் பின் ச வந்தால் 'ஞ்ச' என்று புள்ளி தானாக விழும். த-வை இரண்டு முறை தட்டினால் 'த்த' ஆகிவிடும். உயிரெழுத்துகள் இடது கையிலும் மெய்யெழுத்துகளில் பெரும்பாலானவை வலது கையிலும் இருப்பதால் இரண்டு கையும் மாறி மாறி வேலை செய்யும்.

ஆனால் இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. ஆங்கிலக் கீபோர்டின் வலது ஓரத்தைப் பாருங்கள். `P`, `[`, `]`, `;`, `'`, `/` என்ற ஆறு கட்டைகள். ஆங்கிலத்தில் தட்டும்போது இவற்றில் பலவற்றுக்கு எப்போதாவதுதான் வேலை. தமிழ் 99-ல் அந்த இடங்களில் வரிசையாக ண, ச, ஞ, ந, ய, ழ உட்கார்ந்திருக்கின்றன. ச, ந, ய இல்லாமல் எந்த மனுவை எழுத முடியும்? இந்த ஆறும் முறைப்படி வலது சுண்டுவிரலின் பொறுப்பு. அதே விரல்தான் என்டரையும் பேக்ஸ்பேஸையும் அழுத்த வேண்டும். பஞ்சாயத்தின் எட்டு அழுத்தத்தில் ஞ, ச, ய மூன்றும் வலது சுண்டுவிரலுக்கு. 'சந்தை' என்ற சொல்லில் நான்கில் இரண்டு.

ஆங்கிலத்தில் தட்டுகிறவர்களுக்காக எழுதப்பட்ட கீபோர்டு ஆலோசனை இந்த இடத்தில் நம்மைக் கைவிட்டுவிடும். அங்கே சுண்டுவிரலுக்கு இவ்வளவு சுமை கிடையாது.

இதற்காகத் தட்டும் முறையையே மாற்ற வேண்டுமா? வேண்டாம். தட்டச்சு முறையில் தேர்வு எழுதிப் பாஸ் செய்து கை பழகியவர் அதிலேயே இருக்கலாம். முறை எதுவானாலும், உங்கள் தமிழ் எழுத்துகள் எந்தக் கட்டைகளில் விழுகின்றன என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

தமிழ் 99-காரர்கள் கடையில் செய்ய வேண்டிய முதல் சோதனை இது. மேலே சொன்ன ஆறு கட்டைகளும் முழு அளவில், தங்கள் இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். போனுக்கும் டேப்லெட்டுக்கும் விற்கும் சின்ன ப்ளூடூத் கீபோர்டுகள் சிலவற்றில் ஓரக் கட்டைகளைப் பாதியாகச் சுருக்கியிருப்பார்கள். சிலவற்றில் அடைப்புக்குறிக் கட்டைகளே தனியாக இருக்காது. இன்னொரு கட்டையைச் சேர்த்து அழுத்தினால்தான் வரும். ஆங்கிலக்காரருக்கு அது அடைப்புக்குறி, போனால் போகிறது. உங்களுக்கு அது 'ச'. ஒவ்வொரு 'ச'-வுக்கும் இரண்டு கட்டை அழுத்துவது நடக்கிற காரியமா?

பத்து ரூபாய் நாணயச் சோதனை

அடுத்தது, கட்டைக்கு அடியில் இருக்கும் ஸ்விட்ச்.

கம்ப்யூட்டரோடு சேர்ந்து வரும் சாதாரண கீபோர்டில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு ரப்பர் குமிழ் இருக்கும். அதை நசுக்கி, கட்டை கிட்டத்தட்ட அடிமட்டம் தொட்டால்தான் எழுத்து விழும். புதிதில் சரியாக இருக்கும். நாளாக ஆக ரப்பர் தளர்ந்து ஒரு கட்டை இளகியும் இன்னொன்று முரண்டும் போகும். விழுமோ விழாதோ என்ற சந்தேகத்தில் நாம் எல்லாவற்றையும் ஓங்கிக் குத்த ஆரம்பிப்போம். வலி பெரும்பாலும் அந்தக் குத்தலில்தான் தொடங்குகிறது.

மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு கட்டைக்கும் தனி ஸ்பிரிங், தனி ஸ்விட்ச். கட்டை மொத்தம் சுமார் 4 மில்லிமீட்டர் இறங்கும். ஆனால் பாதி வழியில், ஏறக்குறைய 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து விழுந்துவிடும். அடிவரை இடிக்கத் தேவையில்லை என்பதுதான் இதன் லாபம்.

இதில் மூன்று குணம் உண்டு. தடங்கல் இல்லாமல் வழவழவென்று இறங்குவது ஒன்று, கடைக்காரர்கள் 'ரெட்' என்பார்கள். எழுத்து விழும் இடத்தில் விரலுக்கு ஒரு சின்ன மேடு தட்டுப்படுவது இன்னொன்று, 'பிரவுன்'. அந்த மேட்டோடு சத்தமும் வருவது 'ப்ளூ'. இந்த நிறப் பெயர்கள் செர்ரி என்ற ஜெர்மன் நிறுவனத்தின் எம்.எக்ஸ். ஸ்விட்சுகளிலிருந்து வந்தவை. மற்ற கம்பெனிகளும் பெரும்பாலும் இதே நிறங்களைப் பின்பற்றுகின்றன.

விரலுக்கு முக்கியம் நிறமல்ல, எடை. எழுத்து விழ எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதுதான் கணக்கு. செர்ரியின் ரெட் ஸ்விட்சுக்குச் சுமார் 45 கிராம், பிரவுனுக்குச் சுமார் 55, ப்ளூவுக்குச் சுமார் 60. பார்க்கப் பதினைந்து கிராம் வித்தியாசம்தான். ஆனால் கையிலேயே மெலிந்த விரலால் நாள் முழுக்க, ஆயிரக்கணக்கான முறை தூக்கும் பதினைந்து கிராம் அது. என் தங்கை வாங்கியது ப்ளூ. ரப்பர் கீபோர்டில் குத்திப் பழகிய விரலுக்கு, இன்னும் கனமான ஸ்பிரிங்கைக் கொடுத்திருக்கிறார்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம், கடையிலேயே எடை பார்க்கலாம். சட்டைப் பையில் எட்டுப் பத்து ரூபாய் நாணயங்களும் ஒரு சின்ன ரப்பர் அழிப்பான் துண்டும் போதும். பத்து ரூபாய் நாணயம் ஒன்று ஏறக்குறைய 7.7 கிராம். கீபோர்டைக் கம்ப்யூட்டரிலோ போனிலோ இணைத்து, எழுதும் பக்கம் ஒன்றைத் திறந்து வையுங்கள். ஒரு கட்டையின் நடுவில் அழிப்பான் துண்டை வையுங்கள். நாணயம் பக்கத்துக் கட்டைகளில் இடிக்காமல் இருக்கத்தான் அது. அதன்மேல் நாணயங்களை ஒவ்வொன்றாக, மெதுவாக அடுக்குங்கள். எழுத்து திரையில் விழும் நேரத்தில் எத்தனை நாணயம் என்று எண்ணுங்கள். ஆறு என்றால் சுமார் 46 கிராம். ஏழு என்றால் 54. எட்டு என்றால் 62. அழிப்பான் துண்டின் எடை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

இதை நடுவிலிருக்கும் கட்டையில் செய்யாதீர்கள். உங்கள் சுண்டுவிரல் அழுத்தப்போகும் ஓரக் கட்டையில் செய்யுங்கள். ஆறு நாணயத்தில் விழுந்தால் நீண்ட நேர வேலைக்கு நல்லது. நான்கிலேயே விழுந்தால் அது வேறு தொல்லை. விரலைச் சும்மா வைத்தாலே எழுத்து விழும், திருத்தித் திருத்திப் பேக்ஸ்பேஸ் அழுத்தியே அதே சுண்டுவிரல் ஓய்ந்துபோகும்.

சத்தத்தையும் யோசியுங்கள். மனு எழுத வந்தவர் எதிரில் உட்கார்ந்து தன் கஷ்டத்தைச் சொல்லும்போது 'டக் டக்' என்று அடித்துக்கொண்டிருந்தால் அவர் பேச்சு நமக்குக் கேட்காது. வீட்டில் குழந்தை தூங்கும் அறைக்கும் ப்ளூ ஆகாது.

குளம் குள்ளம் ஆன கதை

புதுக் கீபோர்டைப் பற்றி அவள் இன்னொரு புகாரும் சொன்னாள். "அண்ணே, நான் குளம்னுதான் அடிக்கிறேன். அது சில நேரம் குள்ளம்னு போடுது."

இது அவள் தவறல்ல. ஸ்விட்சுக்குள் இரண்டு உலோகத் தகடுகள் தொடும்போது ஒரே அடியாக ஒட்டாது. மில்லி விநாடிக் கணக்கில் துள்ளும். கீபோர்டில் இருக்கும் சின்ன சிப், அந்தத் துள்ளல் அடங்கும்வரை சில மில்லி விநாடிகள் பொறுத்து, ஒரு அழுத்தமாகக் கணக்கெடுக்கும். ஸ்விட்ச் தேய்ந்தாலோ, தூசி புகுந்தாலோ, முதலிலேயே மட்டமாக இருந்தாலோ துள்ளல் நீளும். ஒரு தட்டு இரண்டாகப் பதிவாகும்.

ஆங்கிலத்தில் இப்படி வந்தால் எழுத்துப் பிழையாகக் கண்ணில் உறுத்தும். தமிழ் 99-ல் மெய் இரட்டித்தால் புள்ளி தானாக விழும் என்று பார்த்தோம் அல்லவா? அதனால் பிழை, பிழை மாதிரியே தெரியாது. வலி வல்லி ஆகும். குளம் குள்ளம் ஆகும். பிழை திருத்தும் மென்பொருளும் அதைச் சரியான சொல் என்று விட்டுவிடும். குளத்துப் புறம்போக்கு பற்றிய மனுவில் 'குள்ளம்' என்று போனால் யாருக்கு நஷ்டம்? எழுதிக் கொடுத்தவருக்கு அல்ல, கையெழுத்துப் போட்டவருக்கு.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டு, நோட்பேடில் சந்தேகப்படும் கட்டையை நிதானமாக இருபது முறை அழுத்துங்கள். எழுத்துகளை எண்ணுங்கள். இருபத்தொன்று இருந்தால் ஸ்விட்சில் கோளாறு. அவளுடைய ள, அதாவது `Y` கட்டை, இருபதுக்கு இருபத்துமூன்று காட்டியது.

இந்த இடத்தில்தான் கொல்லிமலை கணக்கில் வருகிறது. சமவெளியில் இருப்பவருக்குக் கீபோர்டு கெட்டால் பக்கத்துத் தெருவில் ரிப்பேர். அவளுக்கு 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏற வேண்டும். போய்வந்தால் ஒரு நாள் வருமானம் போச்சு. அதனால் ஸ்விட்சைக் கழற்றி மாட்டும் வகைக் கீபோர்டாகப் பார்க்கச் சொன்னேன். 'ஹாட் ஸ்வாப்' என்று கேட்டால் கடையில் தெரியும். கூடவே வரும் இடுக்கியால் கெட்ட ஸ்விட்சை மேலே இழுத்துவிட்டு, புதிய ஸ்விட்சின் கால்கள் வளையாமல் நேராக வைத்து அழுத்த வேண்டும். சால்டரிங் தேவையில்லை. பத்து ஸ்விட்ச் கூடுதலாக வாங்கி டிராயரில் போட்டுக்கொண்டால் பல வருஷம் ஓடும். வாங்கும்போது மூன்று கால் ஸ்விட்சா, ஐந்து கால் ஸ்விட்சா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று கால் பலகையில் ஐந்து கால் ஸ்விட்ச் அப்படியே உட்காராது.

இதில் இன்னொரு வசதி. எல்லாக் கட்டைக்கும் 55 கிராம் ஸ்விட்ச் வைத்துவிட்டு, சுண்டுவிரல் ஓரத்துக்கு மட்டும் 45 கிராம் ஸ்விட்ச் மாட்டலாம். அவள் கடைசியில் அதைத்தான் செய்தாள்.

வயரா, வயர்லெஸ்ஸா?

"வயர்லெஸ் வாங்கினா எழுத்து லேட்டா விழுமாமே?" என்றும் கேட்டாள். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

நிமிடத்துக்கு 200 கட்டை அழுத்துகிறவர் நல்ல வேகக்காரர். அவருக்கு ஒரு அழுத்தத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே 300 மில்லி விநாடி இடைவெளி. சாதாரண வயர் கீபோர்டை கம்ப்யூட்டர் விநாடிக்கு 125 முறை விசாரிக்கும், ஆக அதில் காத்திருப்பு அதிகபட்சம் 8 மில்லி விநாடி. யு.எஸ்.பி.யில் சொருகும் சின்ன ரிசீவரோடு வரும் நல்ல வயர்லெஸ்ஸும் கிட்டத்தட்ட இதே அளவுதான். ப்ளூடூத் கொஞ்சம் கூடும். 20, 30 மில்லி விநாடி என்றே வைத்துக்கொண்டாலும், உங்கள் இரண்டு தட்டலுக்கு நடுவில் இருக்கும் நேரத்தில் அது பத்தில் ஒரு பங்கு. வீடியோ கேம் ஆடுகிறவர் கவலைப்படலாம். மனு எழுதுகிறவருக்கு அது தெரியவே தெரியாது.

அப்படியானால் எழுத்து தாமதமாக விழுகிறதே, ஏன்? அதே வரியை நோட்பேடில் தட்டிப் பாருங்கள். அங்கே சரியாக விழுந்தால் குற்றம் கீபோர்டில் இல்லை. நீங்கள் தட்டிய இணையதளப் படிவமோ, பழைய கம்ப்யூட்டரோ திணறுகிறது. புதுக் கீபோர்டு வாங்கி அதைச் சரிசெய்ய முடியாது.

வயர்லெஸ்ஸில் உண்மையான தொல்லை தாமதமல்ல, தொலைதல். பேட்டரியை மிச்சம்பிடிக்க, சில நிமிடம் சும்மா இருந்தால் கீபோர்டு தூங்கிவிடும். எழுந்திருக்கும்போது சில மாடல்கள் முதல் எழுத்தை முழுங்கிவிடும். எதிரில் இருப்பவர் ஐந்து நிமிடம் தன் கதையைச் சொல்லி முடித்து, "பேரு பொன்னி" என்கிறார். நீங்கள் தட்டுகிறீர்கள். 'ப' தொலைந்து 'ஒன்னி' என்று விழுகிறது. அது கண்ணில் படும், திருத்திவிடலாம். ரேடியோ அலையில் இடையூறு வந்து நடுவில் 'ஒ' தொலைந்தால்? பொன்னி பன்னி ஆகிவிடும். அந்தப் பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. அப்படியே ரேகை வைத்துவிட்டுப் போய்விடுவார்.

வாங்குவதற்கு முன் பத்து நிமிடம் கீபோர்டைத் தொடாமல் விட்டு, பிறகு சட்டென்று ஒரு சொல்லைத் தட்டிப் பாருங்கள். முதல் எழுத்து விழுகிறதா என்று தெரிந்துவிடும். ஏற்கெனவே ரிசீவர் வகை வைத்திருந்து நடுவில் எழுத்துகள் தொலைந்தால், ரிசீவர் எங்கே சொருகியிருக்கிறது என்று பாருங்கள். யு.எஸ்.பி. 3 போர்ட்டில் ஓடும் ஹார்ட் டிஸ்க், பென்டிரைவ் பக்கத்தில் இருந்தால் அதன் மின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கெடுக்கும். ஒரு யு.எஸ்.பி. எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு ரிசீவரைக் கீபோர்டு பக்கம் கொண்டுவந்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அவளுக்கு நான் வயர் வைத்ததையே சொன்னேன். கடையில் கீபோர்டு மேஜையை விட்டு நகரப்போவதில்லை, சார்ஜ் கவலையும் கிடையாது. கரன்ட் போய்க் கம்ப்யூட்டர் மறுபடி எழும்போது, விண்டோஸ் வருவதற்கு முன் திரை ஏதாவது கேட்டால் ப்ளூடூத் கீபோர்டு பெரும்பாலும் பதில் சொல்லாது. வயர் சொல்லும். போனிலும் லேப்டாப்பிலும் மாறி மாறி, இடம் மாற்றித் தட்டுகிறவர்களுக்கு வயர்லெஸ் வசதிதான். அவர்கள் மேலே சொன்ன பத்து நிமிடச் சோதனையை மட்டும் விடாதீர்கள்.

கீபோர்டு செய்ய முடியாதது

புதியது வந்து இரண்டு மாதம் ஆகிறது. பழைய பழக்கத்தில் முதல் வாரம் அடிமட்டம் வரை குத்திக்கொண்டுதான் இருந்தாள். பிறகு விரல் தானாகப் பாதியில் நிற்கக் கற்றுக்கொண்டது. இப்போது மாலையில் சுண்டுவிரல் தெறிப்பதில்லை. ஆனால் மோதிர விரலும் சுண்டுவிரலும் அவ்வப்போது மரத்துப்போவது மட்டும் நிற்கவில்லை.

அதற்குக் காரணம் கீபோர்டே இல்லை. அந்த இரண்டு விரலுக்கும் போகும் நரம்பு முழங்கையின் உட்பக்கம், தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் 'ஷாக்' அடிக்குமே, அதே நரம்பு. அவள் மணிக்கணக்காக முழங்கையை மேஜை விளிம்பில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு மேஜையைத் தாழ்த்தி, கை தொங்காமலும் ஊன்றாமலும் இருக்கும்படி நாற்காலியை உயர்த்திக்கொண்டாள். வலி என்றால் கீபோர்டைச் சந்தேகப்படலாம். மரத்துப்போனால், பொருள் பிடியில் நிற்காமல் நழுவினால், கீபோர்டுக் கடைக்குப் போகாமல் டாக்டரிடம் போங்கள்.

போன வாரம் பேசினாள். "பானையைத் தூக்குறியா?" என்று கேட்டேன்.

"தூக்குறேன் அண்ணே. அந்த டக் டக் கீபோர்டை என்ன பண்றதுன்னுதான் தெரியலை. பக்கத்து வீட்டுப் பையன் விளக்கு எரியுதுன்னு கேட்டுக்கிட்டே இருக்கான்."

கொடுத்துவிடச் சொன்னேன். `Y` கட்டையை மட்டும் பார்த்து அழுத்தச் சொல்லிக் கொடுக்கச் சொன்னேன்.